30 நாள் என்பது எந்த நாளிலிருந்து?

கோவை குறிச்சி சிட்கோவில் ஷெட் எடுத்து, இரண்டு சிஎன்சி லேத் போடப்போவதாக ஒரு தம்பி என்னிடம் வந்தார். மோட்டார் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவர். பம்ப் மோட்டாருக்குள் சுழலும் ஷாஃப்டைக் கடைந்து மோட்டார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்வதுதான் திட்டம். கடைசல் வேலையில் அவருக்குத் தெரியாதது இல்லை. எந்த இன்சர்ட் எத்தனை ஷாஃப்டுக்குத் தாங்கும், ஒரு ஷாஃப்டுக்கு எத்தனை நிமிஷம், கரண்ட் எவ்வளவு ஆகும் எல்லாம் நுனிவிரலில் இருந்தது. வங்கிக்குக் கொடுக்கவேண்டிய திட்ட அறிக்கையையும் பாதிக்குமேல் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவதும் இந்த மாதிரி அறிக்கைகளைத் தயார் செய்வதும்தான் என் பிழைப்பு.

ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: வரவேண்டிய பாக்கி, 30 நாள்.

"எந்த நாளிலிருந்து 30 நாளுங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பில் போட்ட நாளிலிருந்துதானுங்க அண்ணா."

"கம்பெனிக்காரங்களும் அப்படித்தான் எண்ணுவாங்களா?"

அவர் யோசித்தார். பன்னிரண்டு வருஷம் அந்தக் கம்பெனிக்குள் இருந்தவர்தான். ஆனால் மெஷின் ஷாப்பிலிருந்து நூறடி தள்ளியிருக்கும் அக்கவுண்ட்ஸ் அறையில் சப்ளையர் பில்லுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, பழைய நண்பர்களிடம் விசாரித்து ஒரு காகிதத்தில் தேதி தேதியாக எழுதிக்கொண்டு வந்தார். அந்தக் காகிதம்தான் இந்தக் கட்டுரை.

ஜூன் 4-ம் தேதி சரக்கு கேட்டுக்குள் போகிறது. செக்யூரிட்டி சலானில் சீல் வைக்கிறார். அது வந்து சேர்ந்ததற்கான அடையாளம் மட்டுமே. சரக்கு ஸ்டோர்ஸுக்குப் போய், அங்கிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகவேண்டும். விட்டம் சரியா, பேரிங் உட்காரும் இடத்தில் அளவு சரியா என்று பார்த்து அவர்கள் ஓகே சொன்ன பிறகுதான் ஸ்டோர்ஸில் ஜிஆர்என் போடுவார்கள். அதாவது சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் பதிவு. அது நடப்பது ஜூன் 11. பில்லும் ஜிஆர்என்னும் சேர்ந்தால்தான் அக்கவுண்ட்ஸ் அதைக் கையில் எடுக்கும். எடுத்தாலும் 11-ம் தேதியிலிருந்து எண்ணுவதில்லை. ஜூன் மாதம் ஜிஆர்என் ஆன எல்லா பில்லும் ஜூன் 30-ல் வந்ததாக ஒரே கணக்கு. அதிலிருந்து 30 நாள், ஜூலை 30. கம்பெனி சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவதோ மாதத்துக்கு ஒருமுறை, 10-ம் தேதி. ஆகவே பணம் வருவது ஆகஸ்ட் 10. பில் போட்டு 67-வது நாள்.

யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரிலும் 30 நாள் என்றுதான் இருக்கிறது. ஜிஆர்என் ஆன மாதக் கடைசியிலிருந்து 30 நாள் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 26-ல் அனுப்பிய சரக்கு இன்னும் பாவம். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து ஜூலை 2-ல் ஜிஆர்என் விழுந்தால் அது ஜூலை மாதத்துக் கணக்கில் சேரும். ஜூலை 31, ஆகஸ்ட் 30, செப்டம்பர் 10. ஆக 76 நாள். இதற்குமேல் பில்லில் ஆர்டர் எண்ணை விட்டுவிட்டாலோ, ஆர்டரில் உள்ள விலையும் பில்லில் உள்ள விலையும் பத்து பைசா வித்தியாசப்பட்டாலோ அக்கவுண்ட்ஸ் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடும். திருப்பி அனுப்பவும் மாட்டார்கள், போன் போட்டுச் சொல்லவும் மாட்டார்கள். நாமாகக் கேட்டால்தான் தெரியும். அதற்குள் ஒரு 10-ம் தேதி கடந்து போயிருக்கும். ஜூன் 4 பில் அப்படி ஒரு தேதியைத் தவறவிட்டால் 67 நாள் 98 நாளாகிவிடும்.

எல்லா பில்லையும் சேர்த்துப் பார்த்து, சராசரி 70 நாள் என்று முடிவுக்கு வந்தோம். அவர் எழுதியிருந்ததோ 30.

இந்த 40 நாள் வித்தியாசத்தைப் பணமாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அவருடைய திட்டப்படி மாதம் 10 லட்ச ரூபாய்க்கு விற்பனை. 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் தொகை 11.80 லட்சம். ஸ்டீல் ராடு 5.50 லட்சம், அதற்கு ஜிஎஸ்டி 99,000. புதுப் பட்டறைக்கு ஸ்டீல் கடைக்காரர் கடன் தரமாட்டார், ரொக்கம்தான். சம்பளம், கரண்ட், வாடகை, இன்சர்ட் எல்லாம் சேர்ந்து 2.50 லட்சம். ஆக மாதம் ஏறக்குறைய 9 லட்சம் கையைவிட்டுப் போகிறது. அடுத்த மாதத்திலிருந்து ஜிஎஸ்டி பாக்கி 81,000-மும் சேர்ந்துகொள்ளும். பணம் வந்தால் மாதம் 2 லட்சம் மிஞ்சும், அதில் மெஷின் லோன் தவணையைக் கட்டிவிடலாம். காகிதத்தில் நல்ல தொழில்தான்.

எளிமைக்காக முதல் நாளிலிருந்தே சரக்கு ஒரே சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் பணம் வருமென்றால், முதல் ரூபாய் வருவதற்குள் அவர் கைப்பணத்திலிருந்து போட்டிருப்பது 9 லட்சம். அதற்காகவே 10 லட்சம் ஒதுக்கி வைத்திருந்தார். 70 நாளில்தான் வருமென்றால்? இரண்டு மாதமும் பத்து நாளும் ராடு வாங்கி, சம்பளம் கொடுத்து, நடுவில் முதல் மாத ஜிஎஸ்டியையும் கட்டியிருப்பார். கூட்டினால் ஏறக்குறைய 22 லட்சம். ஒதுக்கியிருந்த 10 லட்சம் முதல் மாதம் முடிந்த சில நாட்களிலேயே தீர்ந்திருக்கும். ராடு வாங்கக் காசில்லாமல் மெஷின் நிற்கும். மெஷின் லோன் தவணை மட்டும் நிற்காது. லாபம் வரும் தொழில் கையில் காசில்லாமல் மூடப்படுவது இப்படித்தான். என் கண்ணெதிரே மூன்று பட்டறைகள் இப்படிப் போயிருக்கின்றன. மூன்றிலும் மெஷின் சரியில்லை, ஆர்டர் இல்லை என்ற பேச்சே இல்லை. அதனால்தான் இந்த ஆறாம் பக்கத்தை நான் அவ்வளவு லேசில் விடுவதில்லை.

ஜிஎஸ்டியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர், ஜூன் மாதத்து பில்லுக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்டிவிடவேண்டும். வாங்கியவர் நமக்குப் பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்காது. ஜூன் 4 பில்லுக்கு ஆகஸ்ட் 10-ல் வரப்போகும் வரிப்பணத்தை மூன்று வாரம் முன்னதாகவே நம் பையிலிருந்து கட்டியிருப்போம். திட்டம் போடும்போது பலர் வரியைச் சேர்க்காத விற்பனையை வைத்தே பாக்கியைக் கணக்கிடுகிறார்கள். வாங்குபவர் வைத்திருப்பது வரியோடு சேர்ந்த தொகையை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, 70 நாள் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? எனக்குத் தெரிந்து மூன்று வழிதான். நாளைக் குறைக்கவேண்டும், இல்லை நாளுக்கு விலை வாங்கவேண்டும், இல்லை அந்த 22 லட்சத்துக்கு வழி வைத்துக்கொண்டு இறங்கவேண்டும். திட்டத்தில் எது எவ்வளவு என்று எழுதியிருக்கவேண்டும்.

விலையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. வங்கி 12 சதவீத வட்டிக்குப் பணம் தருகிறது என்றால், 40 நாள் கூடுதல் கடனுக்கு ஆகும் செலவு பில் தொகையில் 1.3 சதவீதம். 100 ரூபாய் ஷாஃப்டில் 1 ரூபாய் 30 பைசா. ஷாஃப்ட் விலையில் 50 பைசாவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். பேசி முடித்துவிட்டு, "பேமென்ட் வழக்கம்போலத்தானே?" என்ற கேள்விக்குத் தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டலில் போவது பேரத்தில் காப்பாற்றியதைவிட அதிகம். ஆகவே கொட்டேஷனிலேயே இரண்டு விலை கொடுங்கள் என்றேன்: இத்தனை நாளில் பணம் என்றால் இந்த விலை, அத்தனை நாள் என்றால் அந்த விலை.

சீக்கிரம் கொடுத்தால் தள்ளுபடி என்பதும் இதே கணக்குதான், ஆனால் அளவு தப்பினால் நஷ்டம். 60 நாளில் வரவேண்டிய பணத்தை 15 நாளில் வாங்க 2 சதவீதம் விட்டுக்கொடுத்தால், 45 நாளுக்கு 2 சதவீதம் வட்டி கட்டுகிறோம் என்று பொருள். வருஷத்துக்கு 16 சதவீதத்துக்கு மேல். வங்கியில் 12 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும்போது இது வீண். வங்கிக் கடன் வரம்பு தீர்ந்துபோய், கந்துவட்டிக்குப் போகவேண்டிய நிலை என்றால் அதே 2 சதவீதம் மலிவு.

இனி நாளைக் குறைப்பது. இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நாம்தான் அதைப் படிப்பதில்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு, குறு, சிறு தொழிலிடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. அந்த நாள் எக்காரணம் கொண்டும் 45-ஐத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். 90 நாள் என்று ஆர்டரில் அடித்து நாம் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் 45தான்.

என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்திலேயே விலைமதிப்பான வரி வேறொன்று. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற என் கேள்விக்கு அது பதில் சொல்கிறது. சரக்கு கொடுத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லையென்றால், சரக்கைக் கொடுத்த நாளே அவர் ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். ஜிஆர்என் நாளும் இல்லை, மாதக் கடைசியும் இல்லை. ஜூன் 4-ல் போன சரக்குக்கு ஜூலை 19-க்குள் பணம் வந்திருக்கவேண்டும். ஆகஸ்ட் 10-ல் வந்தால் 22 நாள் தாமதம். கேட்டில் செக்யூரிட்டி தேதியோடு சீல் வைத்த சலான் இருக்கிறதே, அதைப் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்றால் நமக்கு 18. ஆனால் இந்த வட்டியைக் கேட்டு வாங்கிய சப்ளையரை நான் பார்த்தது குறைவு. வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், அது நியாயமானது. வாங்குபவரைக் கொஞ்சமாவது அசைத்தது 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் சேர்த்த 43பி (எச்) என்ற விதி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு தொழிலுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தத் தொகையை எந்த வருஷம் கொடுக்கிறாரோ அந்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டமுடியும். மார்ச் 31-ல் கெடு தாண்டிய பாக்கியாக நின்றால் அந்த வருஷம் அதற்கு வரி கட்டவேண்டும். சப்ளையர் வாயைத் திறக்காமலே கம்பெனியின் ஆடிட்டர் கேள்வி கேட்கிறார் என்பதுதான் இதன் பலம்.

இதற்கெல்லாம் உத்யம் பதிவு வேண்டும். முதல் பில் போடுவதற்கு முன்பே பதிந்துவிட்டு, அந்த எண்ணைப் பில்லில் அச்சடிக்கவேண்டும். சப்ளை முடிந்து தகராறு வந்தபின் பதிந்தால் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கஷ்டம். வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு வைத்திருந்தாலும் தாமதப் பணம் பற்றிய இந்த விதி அவர்களுக்குப் பொருந்தாது. உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான். தம்பி கடைசல் செய்து விற்பவர், ஆகவே தகுதி உண்டு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜரைப் பார்க்கப்போனார். சட்டத்தைத் தூக்கி மேஜைமேல் போடவேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அவர் கேட்டது இரண்டே விஷயம். நாள் கணக்கு சரக்கு கேட்டுக்குள் வந்த தேதியிலிருந்து 45 என்று ஆர்டரில் எழுதவேண்டும். சின்னப் பதிவுபெற்ற சப்ளையர்களுக்கு 25-ம் தேதியும் ஒரு பேமென்ட் போவதாகக் கேள்வி, அந்தப் பட்டியலில் தன் பெயரையும் சேர்க்கவேண்டும். பதிலுக்கு விலையில் 1 சதவீதம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதனால் ஜூன் 4 பில் ஜூலை 10-லேயே வந்துவிடும், ஜூன் 20 பில் ஜூலை 25-ல். எல்லாம் சேர்த்து 40 நாளுக்குள் அடங்கிவிடும். 30 நாள் முன்னதாகப் பணம் வருவதன் மதிப்பும் 12 சதவீத வட்டியில் கிட்டத்தட்ட 1 சதவீதம்தான். ஆகவே லாபம் கூடவில்லை. ஆனால் அவருக்குத் தட்டுப்பாடு லாபத்தில் இல்லை, முதலில்தான்.

இரண்டாவது வாடிக்கையாளர் ஒரு பம்ப் கம்பெனி. அவர்கள் மசியவில்லை. அவர்கள் பக்க நியாயமும் இருக்கிறது. கோடையில்தான் பம்ப் விற்கும். மழை பிடித்துவிட்டால் டீலர்களிடமிருந்து அவர்களுக்கே பணம் வராது, அந்த மாதங்களில் 10-ம் தேதி 10-ம் தேதியாக இருக்காது. அவர்களுக்கு 70 நாள் என்றே எழுதி, விலையை ஒன்றரை சதவீதம் கூட்டிவைத்தோம். பாதி விற்பனை 40 நாள், பாதி 70 நாள், சராசரி 55. அந்தக் கணக்கில் தேவைப்படும் பணம் 22 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 17 லட்சமாக இறங்கியது.

நாளைப் பேசி வாங்குவது ஒரு பாதிதான். பேசிய நாளில் பணத்தைக் கொண்டுவருவது மற்றொரு பாதி. வசூல் என்றதும் கெடு தாண்டியபின் போன் போடுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் வசூல் சரக்கு போன மூன்றாம் நாள் தொடங்குகிறது. அன்றைக்கு ஸ்டோர்ஸுக்கு ஒரு போன்: "ஜிஆர்என் ஆயிடுச்சுங்களா? நம்பர் சொல்லுங்க." அந்த நம்பரைப் பில் நகலில் எழுதிக்கொள்ளவேண்டும். பத்தாம் நாள் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு போன்: "பில் ஏத்திட்டீங்களா, ஏதாவது திருத்தம் உண்டுங்களா?" இந்த இரண்டு போனிலும் பணம் கேட்கவில்லை, அதனால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட தாமதம் இங்கேயே செத்துவிடும், ஏனென்றால் பாதித் தாமதத்துக்குக் காரணம் பணமில்லாமை இல்லை, மேஜைமேல் கிடக்கும் காகிதம்.

கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு, எந்தெந்த பில் எவ்வளவு என்று ஒரு சின்னப் பட்டியல் வாட்ஸ்அப்பில் போகவேண்டும். கெடு தாண்டிய மறுநாள் அக்கவுண்ட்ஸுக்குப் போன், பணம் வரும் தேதியைக் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளவேண்டும். சொன்ன தேதியும் தாண்டினால் ஏழாம் நாள் பர்ச்சேஸ் மேனேஜருக்குக் கடிதம். பதினைந்தாம் நாள் முதலாளி நேரில் போகவேண்டும், கிளார்க்கை அனுப்பக்கூடாது. முப்பதாம் நாள் புதுச் சரக்கு நிற்கும், ரொக்கம் கொடுத்தால் மட்டும் போகும்.

இந்தக் கடைசி வரியைத் தம்பி எழுதத் தயங்கினார். "சப்ளையை நிறுத்தினா பகைச்சுக்குவாங்களே அண்ணா?" நிறுத்துவதை அந்தச் சமயத்தில் கோபத்தில் முடிவு செய்தால்தான் பகை. ஆர்டர் எடுக்கும்போதே, 'கெடு தாண்டி 30 நாள் ஆனால் சப்ளை நிற்கும்' என்று கொட்டேஷனில் அச்சடித்திருந்தால் அது விதி. மனுஷனுக்கு மனுஷன் தகராறு இல்லை.

இதோடு சேர்ந்ததுதான் ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு பாக்கி விடலாம் என்ற வரம்பு. இதற்குப் பெரிய சூத்திரம் வேண்டாம். பம்ப் கம்பெனிக்கு மாதம் 5 லட்சத்துக்கு சப்ளை, வரியோடு 5.90 லட்சம். 70 நாளுக்கு ஏறக்குறைய 14 லட்சம் எப்போதும் அவர்களிடம் நிற்கும். அதுதான் வரம்பு. பாக்கி 14-ஐத் தாண்டுகிறது என்றால் ஒன்று நாள் நீள்கிறது, இல்லை ஆர்டர் கூடுகிறது. ஆர்டர் கூடினால் சந்தோஷம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும்.

சில வருஷம் முன்பு என் கணக்கில் இருந்த ஒரு பட்டறைக்கு ஒரு கம்பெனியிலிருந்து திடீரென்று இரட்டிப்பு ஆர்டர் வந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை, கடன் வாங்கி ராடு எடுத்தார். நான் லெட்ஜரைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அதுவரை பில்லுக்கு பில் பைசா சுத்தமாக வந்த பணம், இரண்டு மாதமாக 1,00,000, 50,000 என்று முழு எண்ணாக வந்துகொண்டிருந்தது. எந்த பில்லுக்கு என்ற விவரமில்லை. பில்வாரியாகப் பணம் கொடுப்பவரிடம் பணம் இருக்கிறது. உருண்டைத் தொகையாகக் கொடுப்பவர் வந்ததைப் பங்குபோட்டு ஆளுக்குக் கொஞ்சமாக வாயை அடைக்கிறார். பிறகு விசாரித்தால், அந்தக் கம்பெனிக்கு ஷாஃப்ட் கொடுத்துவந்த இன்னொரு பட்டறை பாக்கி வராமல் சப்ளையை நிறுத்தியிருக்கிறது. அந்த ஆர்டர்தான் இங்கே இரட்டிப்பாக வந்தது. வரம்பு என்று ஒன்று எழுதிவைத்திருந்தால் இரண்டாவது மாதமே தடுத்திருக்கும். எழுதிவைக்கவில்லை. 19 லட்சம் போய்ச் சேர்ந்தது.

வேறு அடையாளங்களும் உண்டு. இரண்டு மாதம் முன்பு ஏற்றுக்கொண்ட சரக்கில் பணம் கேட்டதும் ரிஜெக்‌ஷன் சொல்வது. பில்லை வேறொரு கம்பெனிப் பெயரில் போட்டுத் தரச்சொல்வது. வழக்கமாகப் போன் எடுக்கும் அக்கவுண்ட்ஸ் ஆள் எடுக்காமல் போவது. புது வாடிக்கையாளர் என்றால் ஜிஎஸ்டி தளத்தில் அவர் ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டிருக்கிறாரா என்று யாரும் பார்க்கலாம். வரி கட்டவே இழுப்பவர் நமக்கு ஒழுங்காகத் தருவார் என்று நம்ப முடியாது. ஆனால் என் அனுபவத்தில் நம்பகமான தகவல் அவர்களுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்பவரிடம் கிடைக்கும். அவர்தான் கடைசியில் பணம் வாங்குகிறவர்.

வங்கிப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. கேஷ் கிரெடிட் வரம்பு 15 லட்சம் என்று கொடுத்தாலும் முழுவதையும் எடுக்க முடியாது. மாதாமாதம் சரக்கு, பாக்கிப் பட்டியலைக் கொடுக்கவேண்டும். அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் எடுக்க விடுவார்கள். பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியை அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆக, வராத பணம் இரண்டு முறை அடிக்கிறது: அது வரவுமில்லை, அதை வைத்துக் கடன் எடுக்கவும் முடியவில்லை. 90-வது நாளுக்கு முன்பு ஒரு பில்லைத் துரத்துவதும் பின்பு துரத்துவதும் ஒன்றல்ல.

பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்பவர்களுக்கு டிரெட்ஸ் என்ற வழியும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதித்த மின்தளங்கள் அவை. வாங்கிய கம்பெனி நம் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு நமக்கு உடனே பணம் தந்துவிடும். கெடுவில் கம்பெனி வங்கிக்குக் கட்டும், கட்டாவிட்டாலும் வங்கி நம்மிடம் திருப்பிக் கேட்கமுடியாது. வட்டி கம்பெனியின் தரத்தைப் பார்த்து முடிவாவதால் நாம் வாங்கும் கடனைவிட மலிவாகவே இருக்கும். ஒரே நிபந்தனை, கம்பெனி பில்லை ஏற்கவேண்டும். அவர்கள் அசையாவிட்டால் ஒன்றும் நடக்காது.

எல்லாம் தவறினால் கோவையிலேயே குறு, சிறு தொழில் வசதியாக்கக் கவுன்சில் இருக்கிறது. மனுவை மின்தளத்தில் கொடுக்கலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் மத்தியஸ்தத் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போகவேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். வலுவான ஆயுதம்தான். ஆனால் அங்கே போனவர்கள் அந்த வாடிக்கையாளரிடம் மறுபடி வியாபாரம் செய்ததை நான் பார்த்ததில்லை. உறவு முடிந்தது என்று தெரிந்தபிறகு போகவேண்டிய இடம் அது. பாக்கி கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு என்பதால், வருஷா வருஷம் மார்ச்சில் இவ்வளவு பாக்கி என்று வாங்கியவரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கி வைப்பதும் அவசியம்.

திட்ட அறிக்கையின் ஆறாம் பக்கம் இப்போது இரண்டரைப் பக்கமாகியிருந்தது. எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம், யாருக்கு எத்தனை நாள், யாருக்கு எவ்வளவு வரம்பு, எந்த நாளில் யார் போன் போடுவது எல்லாம் அதில். வங்கி மேனேஜர் அதைத்தான் அதிக நேரம் படித்தார் என்று தம்பி சொன்னார். போனைப் போடுவது யார் என்ற இடத்தில் அவர் மனைவி பெயர் இருக்கிறது. அவர்தான் பட்டறையின் கணக்கைப் பார்க்கிறார்.

முதல் லோடு போன மூன்றாம் நாள் நான் தற்செயலாக அங்கே இருந்தேன். அந்தப் பெண் போனைக் காதில் வைத்தபடி பில் நகலைத் தேடி எடுத்தார். "ஏனுங்க, ஸ்டோர்ஸுங்களா? நேத்து முந்தாநாள் வந்த ஷாஃப்ட் லோடுங்க... இன்னும் இன்ஸ்பெக்‌ஷன்லயே இருக்குதுங்களா? சரிங்க, நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடறேனுங்க." போனை வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் நாளைய தேதிக்குக் கீழே பில் நம்பரை எழுதினார்.